இரு கட்டைவிரல்களும் ஏன் எதிரெதிராக நிற்கின்றன?

ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்பாதியில் வரிசை வரிசையாகப் பெருக்கல் குறிகள் போடுங்கள். வலப்பாதியை வெறுமையாக விடுங்கள். இரண்டு பாதிகளிலும் படும்படி நடுவில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அதன் இடப்பக்கக் கோடு பெருக்கல் குறிகளுக்கு நடுவே இருக்கட்டும். வலப்பக்கக் கோடு வெற்றிடத்தில் இருக்கட்டும். கடைசியாக, செவ்வகம் வலது பக்கம் இழுக்கப்படுகிறது என்று காட்ட ஓர் அம்புக்குறி.

பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து நீட் தேர்வு வரை, மின்காந்தத் தூண்டல் பற்றிய படக்கேள்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு படத்தின் உருமாற்றங்கள்தான். செவ்வகம் என்பது செம்புக் கம்பியால் செய்தது. பெருக்கல் குறிகள் காந்தப்புலம். கேள்வி இரண்டு: கம்பியில் மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடும்? அப்படி ஓடும்போது கம்பியின் மேல் காந்தம் செலுத்தும் விசை எந்தப் பக்கம் இருக்கும்?

விடை சொல்ல இரண்டு கை விதிகளைக் கற்றுத்தருகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங், திசைகளில் குழம்பிய தன் மாணவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்துக்கொடுத்தவை அவை. நம் பாடப்புத்தகங்களில் இடக்கை விதி மோட்டாரோடு சேர்ந்து ஒரு பக்கத்தில் வரும். வலக்கை விதி ஜெனரேட்டரோடு சேர்ந்து வேறொரு பக்கத்தில் வரும். இரண்டையும் ஒரே படத்தின் முன் ஒரே நேரத்தில் நீட்டிப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதே இல்லை. அப்படி நீட்டிப் பார்த்தால் இயற்கையின் ஒரு பெரிய விதி விரல்களிலேயே தெரியும். அதைக் காட்டத்தான் இந்தப் படத்தை வரையச் சொன்னேன்.

முதலில் குறிகளைப் படித்துக்கொள்வோம். தாள் தட்டையானது; காந்தப்புலமோ தாளைத் துளைத்துக்கொண்டும் போகும். அந்தத் திசையைத் தாளில் எப்படி வரைவது? வில்லிலிருந்து புறப்பட்ட அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களை விட்டு விலகிப் போனால் பின்னால் இருக்கும் இறகுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும்: அதுதான் பெருக்கல் குறி. உங்களை நோக்கி வந்தால் கூர்முனை மட்டும் தெரியும்: அதுதான் புள்ளி. ஆகவே பெருக்கல் குறி என்றால் தாளுக்குள்ளே போகும் திசை. புள்ளி என்றால் தாளிலிருந்து நம்மை நோக்கி வரும் திசை. காந்தப்புலத்துக்கு மட்டுமின்றி, தாளைத் துளைத்துப் போகும் கம்பியின் மின்னோட்டத்துக்கும் இதே குறிகளைத்தான் போடுகிறார்கள். வட்டத்துக்குள் ஒற்றைப் பெருக்கல் குறி இருந்தால் அது பெரும்பாலும் மின்னோட்டம். தாள் முழுக்கப் பரவியிருந்தால் காந்தப்புலம். காந்தத் துருவங்களை வரைந்து N, S என்று எழுதியிருந்தால், காந்தத்துக்கு வெளியே புலம் வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குப் போவதாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு சிறிய ஏற்பாடு. தாளை மேசைமேல் கிடத்தி வைத்துக்கொண்டு கை விதி போட்டால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். தேர்வறையில் பாதித் தவறுகள் அந்த முறுக்கலில்தான் பிறக்கின்றன. தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், அல்லது சுவரில் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெருக்கல் குறி காட்டும் திசை உங்கள் முகத்திலிருந்து சுவரை நோக்கிப் போகிறது. படத்தில் மேலே என்றால் கூரைப்பக்கம். வலது என்றால் உங்கள் வலது.

இரண்டு கைகளிலும் விரல்களின் பொருள் ஒன்றுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் காந்தப்புலத்தையும், நடுவிரல் மின்னோட்டத்தையும் காட்டும். கட்டைவிரல் இயக்கத்தைக் காட்டும். எந்தக் கை என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. மின்னோட்டத்தை நாம் கொடுத்து, கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று கேட்டால் இடக்கை. கம்பியை நாம் நகர்த்தி, எந்தப் பக்கம் மின்னோட்டம் பிறக்கும் என்று கேட்டால் வலக்கை. நம் ஊரில் மோட்டார் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் போகும். மோட்டாருக்கு இடக்கை என்பதை நினைவில் வைக்க அது போதும்.

இனி படத்துக்கு வருவோம். கம்பிச் செவ்வகத்தை வலப்பக்கம் இழுக்கிறோம். இயக்கம் நாம் கொடுத்தது, மின்னோட்டம் கேட்கப்படுவது. ஆகவே வலக்கை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி வலக்கையை நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் சுவரைப் பார்க்கட்டும். அதுதான் பெருக்கல் குறியின் திசை. கட்டைவிரல் இயல்பாகவே வலப்பக்கம் நிற்கும். அதுதான் இழுக்கும் திசை. நடுவிரலை மடக்கினால் அது கூரையைக் காட்டும். காந்தப்புலத்துக்குள் இருக்கும் இடப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் கீழிருந்து மேலே ஓடுகிறது. அது மேல்பக்கக் கம்பி வழியாக வலம் சென்று, வலப்பக்கக் கம்பியில் இறங்கி, கீழ்ப்பக்கம் வழியாகத் திரும்பி வரும். செவ்வகம் முழுவதையும் பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை.

வலப்பக்கக் கம்பியும் அதே வேகத்தில்தான் நகர்கிறது. ஆனால் அது வெற்றிடத்தில் நிற்கிறது. அங்கே புலம் இல்லை. மேல், கீழ்க் கம்பிகளின் ஒரு பகுதி புலத்துக்குள் இருந்தாலும், அவை தங்கள் நீளத்தின் போக்கிலேயே நகர்வதால் வளையத்தைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்துக்கு எதையும் தருவதில்லை. இந்தப் படத்தில் மின்கலம்போல வேலை செய்வது இடப்பக்கக் கம்பி ஒன்றுதான்.

அளவும் பார்த்துவிடலாம். புலத்தின் வலிமை 0.5 டெஸ்லா, இடப்பக்கக் கம்பியின் நீளம் 20 சென்டிமீட்டர், இழுக்கும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் கம்பியில் தோன்றும் மின்னியக்கு விசை கிடைக்கும்: 0.5 × 0.2 × 2 = 0.2 வோல்ட். செவ்வகத்தின் மொத்த மின்தடை 0.4 ஓம் என்றால் மின்னோட்டம் 0.5 ஆம்பியர்.

இரண்டாவது கேள்வி இப்போதுதான் எழுகிறது. 0.5 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும் ஒரு கம்பி காந்தப்புலத்தில் இருக்கிறது. அப்படியானால் அதன்மேல் ஒரு விசை இருந்தாக வேண்டும். மின்னோட்டம் தெரியும், விசை கேட்கப்படுகிறது; ஆகவே இடக்கை. வலக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடக்கையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி அதன் பக்கத்தில் நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் சுவரை நோக்கி, நடுவிரல் கூரையை நோக்கி. இரண்டு கைகளிலும் இந்த இரு விரல்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. புலம் ஒன்றே, மின்னோட்டமும் ஒன்றே என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். இடக்கையின் கட்டைவிரல் எங்கே நிற்கிறது? இடப்பக்கம்.

நீங்கள் வலப்பக்கம் இழுத்தீர்கள். அந்த இழுப்பால் பிறந்த மின்னோட்டத்தின் மேல் காந்தம் இடப்பக்கம் விசை செலுத்துகிறது. இழுப்பை அது எதிர்க்கிறது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். வலக்கை இடக்கையின் கண்ணாடிப் பிம்பம். இரண்டு விரல்களை ஒரே திசையில் பொருத்தினால் மூன்றாவது விரல் எதிரெதிராகத்தான் நிற்கும்; வேறு வழி இல்லை. எந்தப் படத்தை எடுத்தாலும், புலம் எந்தப் பக்கம் இருந்தாலும், கம்பியை எந்தத் திசையில் நகர்த்தினாலும், வலக்கையின் கட்டைவிரல் காட்டும் இயக்கத்துக்கு இடக்கையின் கட்டைவிரல் காட்டும் விசை எதிராகவே இருக்கும். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும் என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய இயற்பியலர் ஹைன்ரிச் லென்ஸ் 1834இல் வெளியிட்டார். லென்ஸ் விதியைத் தனியாக மனப்பாடம் செய்கிறோம். அது இந்த இரு கைகளுக்கும் இடையே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விடை நம் எண்களிலேயே உள்ளது. கம்பியின் மேல் உள்ள விசை, புலம், மின்னோட்டம், நீளம் மூன்றின் பெருக்கல்: 0.5 × 0.5 × 0.2 = 0.05 நியூட்டன். ஐந்து கிராம் எடையுள்ள பொருளைக் கையில் தாங்கும் அளவு விசை. வேகம் மாறாமல் இழுக்க வேண்டுமானால் நீங்களும் அதே 0.05 நியூட்டன் விசையை வலப்பக்கம் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அந்த விசை செய்யும் வேலை நொடிக்கு 0.1 ஜூல். மறுபுறம், 0.5 ஆம்பியர் மின்னோட்டம் 0.4 ஓம் மின்தடையில் எவ்வளவு வெப்பம் உண்டாக்கும்? மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் பெருக்கினால் நொடிக்கு 0.1 ஜூல். கை கொடுத்ததும் கம்பி சூடானதும் துல்லியமாகச் சமம்.

விசை வலப்பக்கமே இருந்திருந்தால் என்ன ஆகும்? லேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும்; காந்தமே செவ்வகத்தை இழுத்துக்கொள்ளும். வேகம் கூடும், அதனால் மின்னோட்டம் கூடும், அதனால் விசை கூடும். ஒன்றும் செலவழிக்காமல் கம்பியும் சூடாகும், வேகமும் ஏறும். அப்படி ஒரு கருவி உலகில் இல்லை. ஆகவே படக்கேள்வியில் நீங்கள் கண்டுபிடித்த விசை இயக்கத்துக்குத் துணைபோவதாக வந்தால், எங்கோ ஒரு கை மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. ஒரு மாணவி முதல் கேள்விக்கு இடக்கையையும் இரண்டாவது கேள்விக்கு வலக்கையையும் போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இடக்கையின் கட்டைவிரலை வலப்பக்கமும் ஆள்காட்டி விரலைச் சுவர்ப்பக்கமும் நீட்டினால் நடுவிரல் தரையைக் காட்டும். மின்னோட்டம் மேலிருந்து கீழே, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், என்று எழுதுவாள். அது தவறு. அடுத்து வலக்கையில் நடுவிரலைத் தரைக்கும் ஆள்காட்டி விரலைச் சுவருக்கும் பொருத்தினால் கட்டைவிரல் இடப்பக்கம் நிற்கும். விசை இடப்பக்கம் என்று எழுதுவாள். அது சரி! இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. விசை எதிர்க்கிறது என்ற திருப்தியில் முதல் விடையின் பிழை மறைந்துபோகும். மின்னோட்டத்தின் திசையைச் சரிபார்க்க வேறொரு வழி வேண்டும்.

அந்த வழி, விரல்களை மறந்துவிட்டுச் செவ்வகத்துக்குள் இருக்கும் பெருக்கல் குறிகளை எண்ணுவது. செவ்வகம் வலப்பக்கம் நகர நகர, அதன் சுற்றுக்குள் அகப்பட்ட குறிகள் குறைந்துகொண்டே போகின்றன. காந்தப் பாயம் குறைகிறது என்பதன் பொருள் இதுதான். மாற்றத்தை எதிர்க்க வேண்டும் என்றால், குறைகிற பெருக்கல் குறிகளை ஈடுகட்ட மின்னோட்டம் தானும் தாளுக்குள் போகும் புலத்தை உண்டாக்க வேண்டும். இப்போது வலக்கைப் பிடி விதி: கட்டைவிரலைத் தாளுக்குள் குத்துவதுபோல் நீட்டி மற்ற விரல்களை வளைத்தால், அவை சுற்றும் திசை மின்னோட்டத்தின் திசை. கடிகாரத் திசை. வலக்கையின் மூன்று விரல்கள் முன்பு சொன்ன விடையும் இதுவே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்தான் பேனாவைக் கீழே வைக்கலாம்.

சரி, ஒரே காந்தப்புலத்துக்கு எதற்காக இரண்டு கைகள்? இயற்கையில் இரண்டு விதிகள் இருக்கின்றனவா? இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. நகரும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளும், அவ்வளவே. கம்பியை வலப்பக்கம் இழுக்கும்போது அதற்குள் இருக்கும் மின்னூட்டங்கள் ஒவ்வொன்றும் கம்பியோடு சேர்ந்து வலப்பக்கம் நகர்கின்றன. நகரும் நேர்மின்னூட்டமே ஒரு மின்னோட்டம். ஆகவே இடக்கையிலேயே நடுவிரலை வலப்பக்கம் நீட்டுங்கள், ஆள்காட்டி விரலைச் சுவருக்கு. கட்டைவிரல் மேலே நிற்கும். மின்னூட்டம் கம்பியின் நீளத்தில் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அதைத்தான் தூண்டப்பட்ட மின்னோட்டம் என்கிறோம். அப்படி மேலே ஓடத் தொடங்கியதும் அதற்கு மேல்நோக்கிய வேகமும் வந்துவிடுகிறது. மறுபடி இடக்கை: நடுவிரல் மேலே, ஆள்காட்டி விரல் சுவருக்கு, கட்டைவிரல் இடப்பக்கம். அது எதிர்க்கும் விசை. ஒரே கையை இருமுறை போட்டே இரண்டு விடைகளையும் எடுத்துவிடலாம். வலக்கை விதி என்பது இந்த முதல் படியைச் சுருக்கமாகச் சொல்லும் வசதி. எந்தக் கை எதற்கு என்று கடைசி நேரத்தில் மறந்துபோகும் மாணவருக்கு இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு கை, ஒரு விதி, இரண்டு முறை.

இப்போது படத்தைச் சற்று மாற்றிப் பார்ப்போம். கேள்வி தயாரிப்பவர்கள் கை வைப்பது இங்கேதான். செவ்வகம் முழுவதும் பெருக்கல் குறிகளுக்குள் மூழ்கியிருக்கிறது, இன்னும் வலப்பக்கம்தான் போகிறது. வலக்கையைப் போட்டால் இடப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் மேலே என்று வருகிறது. வலப்பக்கக் கம்பிக்குப் போட்டாலும் மேலே என்றே வருகிறது. ஒன்று வளையத்தைக் கடிகாரத் திசையில் சுற்றத் தள்ளுகிறது. மற்றது எதிர்த்திசையில் தள்ளுகிறது. இரண்டும் 0.2 வோல்ட். மின்னோட்டம் சுழி. குறிகளை எண்ணினாலும் இதுவே: இடமிருந்து எத்தனை குறிகள் வெளியேறினவோ, அத்தனை வலப்புறம் உள்ளே வந்துவிடுகின்றன. கம்பி நகர்கிறது, புலமும் இருக்கிறது, ஆகவே மின்னோட்டம் இருக்கத்தான் வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் சறுக்குவது இந்தப் படத்தில்தான். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகிறது. சுற்றிவர ஓட்டம் இல்லை.

அடுத்த மாற்றம்: பெருக்கல் குறிகள் வலப்பாதியில் இருக்கின்றன, செவ்வகம் இடமிருந்து அவற்றுக்குள் நுழைகிறது. இப்போது புலத்தில் இருப்பது வலப்பக்கக் கம்பி. வலக்கை அதே விடையைத்தான் தரும்: அந்தக் கம்பியில் மின்னோட்டம் மேலே. ஆனால் மேலே ஓடும் கம்பி இப்போது வலப்பக்கம் இருப்பதால், வளையம் முழுவதையும் பார்த்தால் சுற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசை. விசை? இடக்கை சொல்வது அதே இடப்பக்கம். வெளியேறும்போதும் இழுத்துப் பிடிக்கிறது, நுழையும்போதும் தடுக்கிறது. ‘வலப்பக்கம் நகர்ந்தால் கடிகாரத் திசை’ என்று முந்தைய கேள்வியின் விடையை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு இங்கே மதிப்பெண் போய்விடும். கை விதி ஒரு கம்பியைப் பற்றித்தான் பேசுகிறது. வளையத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு ஒரு படம் வரும், அதில் எதுவுமே நகராது. செவ்வகம் பெருக்கல் குறிகளுக்குள் அசையாமல் நிற்கிறது. புலத்தின் வலிமை மட்டும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகிறது என்று கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கும். கட்டைவிரலை எங்கே நீட்டுவது? நீட்ட இடமே இல்லை. இயக்கம் இல்லாத இடத்தில் ஃபிளெமிங்கின் வலக்கை விதி பேசாது. அதன் எல்லை அங்கே முடிகிறது. மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்காந்தத் தூண்டலை முதன்முதலாகக் கண்டது இப்படி எதுவும் நகராத ஓர் ஏற்பாட்டில்தான். ஓர் இரும்பு வளையத்தின் இரு பாதிகளிலும் தனித்தனியாகக் கம்பி சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தபோது, மற்றதோடு தொடர்பில் இருந்த காந்த ஊசி ஒரு கணம் துள்ளியது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் துள்ளியது. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி சும்மா இருந்தது. காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் எடுத்தும் மின்னோட்டம் கண்டது அதற்குப் பிறகு, அக்டோபரில்.

அசையாத செவ்வகத்துக்கு நமக்கு இருப்பது லென்ஸ் காட்டிய வழி மட்டுமே. பெருக்கல் குறிகள் அடர்ந்துகொண்டே வருகின்றன. அதை எதிர்க்க மின்னோட்டம் தாளிலிருந்து வெளியே வரும் புலத்தை உண்டாக்க வேண்டும். வலக்கைக் கட்டைவிரலை உங்கள் முகத்தை நோக்கி நீட்டினால் மற்ற விரல்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுருளும். அதுதான் விடை. புலம் குறைந்துகொண்டிருந்தால் கடிகாரத் திசை. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் எதிர்ப்பது புலத்தை என்று எடுத்துக்கொள்பவர்கள், புலம் குறையும் கேள்வியிலும் ‘பெருக்கல் குறிக்கு எதிரானது புள்ளி’ என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்க்கப்படுவது மாற்றம். குறைகிறது என்றால் மின்னோட்டம் அந்தப் புலத்துக்குத் துணையாகத்தான் நிற்கும்.

கம்பியை விட்டுவிட்டுத் தனி ஒரு துகளை வரைந்தால் இன்னொரு கண்ணி சேர்கிறது: மின்னூட்டத்தின் குறி. நடுவிரல் காட்டுவது நேர்மின்னூட்டம் ஓடும் திசை. எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால், அது வலப்பக்கம் பறந்தால் நடுவிரலை இடப்பக்கம் நீட்ட வேண்டும். பெருக்கல் குறிகளுக்குள் வலப்பக்கம் நுழையும் புரோட்டான் மேலே வளையும். எலக்ட்ரான் கீழே வளையும்.

இந்தச் சின்ன விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் 1932இல் ஒரு புதிய துகளைக் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சன் என்ற இளம் இயற்பியலர் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று கடந்து போனால் அதன் வழியில் நீர்த்துளிகள் கோடாகப் படியும் முகில் அறை அவரிடம் இருந்தது. அதைச் சுமார் 1.5 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் வைத்து, வளைந்த தடங்களைப் படமெடுத்தார். நம் தாளில் வரைந்ததுபோலவே புலம் படத்துக்குள் போகும் திசையில் இருந்தது.

ஆனால் படத்தில் ஒரு சிக்கல். வளைந்த கோடு மட்டுமே தெரியும். துகள் அந்தக் கோட்டில் மேலே போனதா கீழே வந்ததா என்று தெரியாது. அம்புக்குறி போடாத கேள்வித்தாள் அது. கீழிருந்து மேலே போகும் நேர்மின் துகளும், மேலிருந்து கீழே வரும் எதிர்மின் துகளும் ஒரே வளைவைத்தான் வரையும். கையைப் போட்டுப் பாருங்கள்: இரண்டுக்கும் நடுவிரல் மேல்நோக்கியே நிற்கும், இரண்டுக்கும் கட்டைவிரல் இடப்பக்கம்தான். திசை தெரியாமல் குறியைச் சொல்ல முடியாது. குறி தெரியாமல் திசையைச் சொல்ல முடியாது.

ஆண்டர்சன் அறையின் குறுக்கே 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் ஈயத் தகட்டை வைத்தார். தகட்டைத் துளைத்துப் போகும் துகள் ஆற்றலை இழக்கும். ஆற்றல் குறைந்தால் காந்தப்புலத்தில் இன்னும் இறுக்கமாக வளையும். எந்தப் பக்கத்தில் வளைவு இறுக்கமாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் துகள் பிறகு சென்ற பக்கம். 1932 ஆகஸ்ட் 2 அன்று எடுத்த படத்தில் தகட்டுக்குக் கீழே இருந்த வளைவு எலக்ட்ரான் அளவு எடையுள்ள துகளுக்கு 6.3 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் காட்டியது. மேலே இருந்த வளைவு 2.3 கோடியைக் காட்டியது. ஆகவே துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. வளைந்ததோ இடப்பக்கம். பெருக்கல் குறிகளுக்குள் மேலே போகும்போது இடப்பக்கம் வளைவது நேர்மின்னூட்டம்.

அப்போது அறியப்பட்டிருந்த நேர்மின் துகளான புரோட்டானாக அது இருக்க முடியுமா? அந்த அளவு இறுக்கமாக வளையும் புரோட்டானுக்கு இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. காற்றில் சுமார் 5 மில்லிமீட்டர் போவதற்குள் அது நின்றுவிடும். படத்தில் தகட்டுக்கு மேலே இருந்த தடம் 5 சென்டிமீட்டருக்கும் நீளம். எலக்ட்ரானின் எடையும் நேர்மின்னூட்டமும் கொண்ட ஒன்று அந்த வழியாகப் போயிருக்கிறது என்று ஆண்டர்சன் முடிவுசெய்தார். பாசிட்ரான் என்று அதற்குப் பெயர் வந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.